ஒன்பது வருஷ வேலைக்கு இரண்டு மாதச் சம்பளம்

ஆலங்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் குரு பெயர்ச்சி பற்றிக் கேட்பார்கள். அது திருவாரூர்ப் பக்கத்து ஆலங்குடி. எங்களுடையது புதுக்கோட்டை ஆலங்குடி. முந்திரிக் காடும் பலா மரமும் உள்ள ஊர். என் மனைவியின் ஊர் என்பதால் ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். நான் பிறந்ததும் பிரெஞ்சு வழியில் படித்ததும் காரைக்காலில். அதைப் பற்றி முன்பே நிறைய எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்துவிட்டேன். இன்று வேறு விஷயம். ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் பிரெஞ்சு வரும், மன்னிக்கவும்.

2022 ஜூலை மாதம் ஒரு மாலை. பின் தெருவில் இருக்கும் நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கிளை மேலாளர். வந்தவன் உட்காராமல் நின்றுகொண்டே கைப்பேசியை நீட்டினான்.

"மாமா, இதைப் படிங்க."

நான்கு வரி மின்னஞ்சல். கிளைக் கணக்கில் முறைகேடு தெரியவந்துள்ளது, நிர்வாகம் உங்கள் மீது நம்பிக்கை இழந்துவிட்டது, இன்று முதல் உங்கள் பணி முடிவுக்கு வருகிறது, சாவியை ஒப்படைக்கவும். தேதி ஜூலை 15. எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, எந்த நாள் என்று ஒன்றும் இல்லை.

நான் முப்பத்து மூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். அதில் பாதிக் காலம் பணியாளர் பிரிவில். 17(ஆ) மெமோக்களை எத்தனை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அரசு ஊழியர் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் குற்றச்சாட்டைத் தனித்தனியாக எழுத வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை அதிகாரி போட வேண்டும், அறிக்கையின் நகல் கொடுக்க வேண்டும், அதன் மேலும் விளக்கம் கேட்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு தரும் காவல் அது. ஒன்பது வருஷம் உழைத்த ஒருவனை நான்கு வரியில் முடிக்கலாம் என்பதை என்னால் அன்று ஜீரணிக்கவே முடியவில்லை.

அவனுக்கு இரண்டு ஆசைகள். வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மான நஷ்டத்தோடு சேர்த்து இருபது லட்சம் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். இரண்டுமே ஏன் அவன் நினைத்தபடி நடக்காது என்பதைப் புதுக்கோட்டையில் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நானும் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

வக்கீல் முதலில் கேட்ட கேள்வி, "நீங்க தினமும் என்ன வேலை செய்வீங்க?" என்பது. பதவியின் பெயரை அவர் கேட்கவே இல்லை. காரணம் இருக்கிறது. தொழிலாளி என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும் ஒருவர் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அங்கே வேலையையே திரும்பக் கேட்கலாம், வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தையும் கேட்கலாம். பதவிப் பெயர் மேலாளர் என்றிருந்தாலும் செய்தது தொழில்நுட்ப வேலையோ எழுத்து வேலையோ என்றால் அவர் தொழிலாளிதான். 2015-இல் நீக்கப்பட்ட ஒரு ஐ.டி. நிறுவன ஊழியரை ஏழு வருஷம் கழித்து, 2022-இல், முழுச் சம்பளப் பாக்கியோடு திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம். அவர் செய்தது நிர்வாக வேலை இல்லை என்று காட்ட முடிந்ததுதான் அங்கே முக்கியம்.

நம் பையன் செய்தது அப்படி இல்லை. கடனை அனுமதித்துக் கையெழுத்துப் போடுவது அவன்தான். ஆறு பேருக்கு லீவு கொடுப்பதும் அவன்தான். ஆகவே அந்தக் கதவு மூடிவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று ஒன்று உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்கினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய அதன் 41-ஆவது பிரிவு வழி செய்கிறது. சாதாரணக் கணக்காளராக இருந்தால் நல்ல கதவு அது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இரண்டாவது கதவும் மூடியது.

கூட வந்திருந்த அவன் மைத்துனர், "ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் போட்டுடலாமே" என்றார். வக்கீல் சிரித்துவிட்டு பின்னி கம்பெனி வழக்கைச் சொன்னார். சென்னையின் அந்தப் பழைய நிறுவனம், முன்னறிவிப்புக் கொடுத்துக் காரணம் சொல்லாமலே விலக்கலாம் என்ற ஷரத்தின்படி தன் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் சிலரை வெளியே அனுப்பியது. அவர்கள் ரிட் வழியில் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2005-இல் தீர்ப்பானது. இது ஒரு தனியார் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்தம், பொதுக் கடமை எதுவும் இதில் இல்லை, ரிட் செல்லாது என்பது தீர்ப்பு. மிச்சமிருப்பது சிவில் வழக்குதான்.

சிவில் கோர்ட்டிலும் வேலை திரும்பக் கிடைக்காது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்தே ஆகவேண்டும் என்று கோர்ட் கட்டாயப்படுத்துவதில்லை. 1963-ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அப்படி. அரசு ஊழியர், தொழிலாளி, சட்டத்தால் அமைக்கப்பட்ட வாரியங்களின் ஊழியர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு நீக்கியது தவறு என்றே நிரூபணமானாலும் கிடைப்பது நஷ்ட ஈடு மட்டும்தான்.

சரி, அந்த நஷ்ட ஈடு எவ்வளவு? இங்கேதான் பையன் முகம் வாடியது.

வழி காட்டும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. அதன் நாயகன் நம் கல்கத்தாவில் வேலை பார்த்தவர் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆடிஸ் என்று பெயர். கிராமபோன் கம்பெனியின் கல்கத்தா மேலாளர். வாரம் 15 பவுண்டும் கமிஷனும் சம்பளம். ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் நீக்கலாம் என்பது ஒப்பந்தம். 1905-இல் கம்பெனி முன்னறிவிப்பைக் கொடுத்த கையோடு அவர் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டது. ஊரே பார்க்க அவமானம். ஜூரிகள் இரக்கப்பட்டுத் தாராளமாகத் தொகை போட்டார்கள். ஆனால் 1909-இல் லண்டனில் பிரபுக்கள் சபை, ஆறு மாதச் சம்பளம் உண்டு, இழந்த கமிஷன் உண்டு, அவமானப்படுத்திய விதத்துக்கும் மன வேதனைக்கும் காசு கிடையாது என்று முடித்துவிட்டது. முதலாளி ஒப்பந்தப்படி நடந்திருந்தால் ஊழியருக்கு என்ன கிடைத்திருக்குமோ அதுதான் நஷ்டம் என்பது அதன் கணக்கு. நம் கோர்ட்டுகளும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் நடக்கின்றன.

பையனின் நியமன ஆணையைப் பார்த்தோம். இரண்டு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்குண்டான சம்பளம் கொடுத்து இரு தரப்பும் விலகலாம் என்று இருந்தது. அவன் சம்பளம் மாதம் 32,000. வக்கீல் வெள்ளைத் தாளில் போட்ட கணக்கு இது. முன்னறிவிப்புக்கு இரண்டு மாதம், 64,000. ஜூலையில் பார்த்த பதினைந்து நாள் வேலைக்கு 16,000. கம்பெனி விதிப்படி காசாக்கக்கூடிய விடுப்பு பதினைந்து நாள், அதற்கு 16,000. மொத்தம் 96,000. அதற்கு மேல் வட்டி கேட்கலாம்.

"ஒன்பது வருஷத்துக்கு இவ்வளவுதானா சார்?" என்றான்.

"ஒன்பது மாசம் வேலை பார்த்திருந்தாலும் முன்னறிவிப்புக்கு இதே 64,000-தான் தம்பி" என்றார் அவர்.

இருபது லட்சம் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று மைத்துனர் விடாமல் கேட்டார். குறையும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று. 2017 வரை ஏழரையாக இருந்தது. இருபது லட்சத்துக்கு வாசலிலேயே 60,000 கட்ட வேண்டும். 96,000-க்கு 2,880 போதும். கிடைக்காது என்று தெரிந்த தொகைக்குக் கட்டணம் கட்டுவது வேலையில்லாதவன் செய்யக்கூடிய காரியமா?

நியமனம் வேறு மாதிரி இருந்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். உதாரணமாக அவன் ஆணை இத்தனை வருஷத்துக்கு என்று காலம் குறித்ததாக இருந்து, இடையில் விலக்கும் ஷரத்து இல்லாமல், இன்னும் 24 மாதம் பாக்கி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த 24 மாதச் சம்பளம்தான் நஷ்டத்தின் அடிப்படை. ஆனால் முழுதும் வராது. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, நஷ்டப்பட்டவர் அதைக் குறைக்கத் தன்னால் முடிந்ததைச் செய்தாரா என்றும் பார்க்கச் சொல்கிறது. நம் பையன் ஏழு மாதம் சும்மா இருந்து, பிறகு 22,000 சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனான். அப்படியானால் ஏழு மாதத்துக்கு முழுச் சம்பளம் 2,24,000, மீதிப் பதினேழு மாதத்துக்கு மாதம் பத்தாயிரம் வித்தியாசம் 1,70,000, ஆக 3,94,000. வேலை தேடவே இல்லை என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் இதுவும் சுருங்கும். அதனால் விண்ணப்பம் அனுப்பிய மின்னஞ்சல், நேர்முகத் தேர்வுக்குப் போன பஸ் டிக்கெட் வரை எடுத்து வை என்று நான் அவனிடம் சொன்னேன். குமாஸ்தா புத்தி. கையில் காகிதம் இல்லாத வாதம் எனக்கு வாதமாகவே படாது.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு நியாயமில்லை. ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பு ஷரத்து, இரு தரப்பும் கௌரவமாகப் பிரிவதற்காக எழுதப்பட்டது. ஒருவன் மேல் பழியைப் போட்டு, அதை விசாரிக்காமல், நிரூபிக்காமல் துரத்திவிட்டு, பிறகு அதே ஷரத்தைக் காட்டி "இரண்டு மாதம்தான் தருவோம்" என்று முதலாளி சொல்வதைக் கோர்ட் ஏற்பது, சந்தையில் எடைக்கல்லை வியாபாரியிடமே கொடுத்துவிடுவது போல் இருக்கிறது.

வேறு மாதிரி கணக்குப் போட நம் நீதிபதிகளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். 1986-இல் பண்டாரி என்பவரின் வழக்கு. அவர் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தில் மேலாளர் நிலையில் இருந்தவர். முன்னறிவிப்புச் சம்பளம் கொடுத்து விலக்கப்பட்டார். அது செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், திரும்ப எடுக்க நிர்வாகம் விரும்பாவிட்டால் 3.33 வருஷச் சம்பளத்தை ஈடாகக் கொடுக்கலாம் என்றது. ஏன் 3.33? அந்தத் தொகையை அன்றைய 15 சதவீத வட்டியில் போட்டால் வருஷா வருஷம் பாதிச் சம்பளம் வந்துகொண்டிருக்கும், முதலும் குறையாது. எவ்வளவு அழகான கணக்கு! நம் பையனுக்கு அதைப் போட்டால் நாற்பது மாதச் சம்பளம், 12,80,000. ஆனால் அது அரசு நிறுவனம் என்பதால் அரசியல் சட்டம் துணைக்கு வந்தது. அதே பதவி, அதே அநியாயம், முதலாளி தனியார் என்றால் 64,000.

பிரெஞ்சு வருகிறது. என்னோடு காரைக்காலில் படித்த ஒருவன் பாரிஸ் பக்கம் குடியேறியவன். அவனிடம் தொலைபேசியில் புலம்பினேன். அங்கே ஒருவரை நீக்க 'உண்மையானதும் கனமானதுமான காரணம்' வேண்டும். பள்ளியில் படித்த வார்த்தைகள்தான், ஆனால் சட்டத்தில் சேர்ந்து நிற்கும்போது என்ன கம்பீரம்! அந்தக் காரணம் இல்லையென்றால் 'ப்ருதோம்' என்னும் தொழில் நீதிமன்றம் ஈடு வாங்கித் தரும். மேலாளர், கடைநிலை என்ற பேதம் அங்கே கிடையாது. 2017-இல் அதற்கு அட்டவணையே போட்டுவிட்டார்கள். சேவைக் காலம் கூடக் கூடத் தொகை கூடும். பதினோரு பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவருக்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் ஒன்பது மாதச் சம்பளம். முப்பது வருஷத்துக்கு உச்சவரம்பு இருபது மாதம். முன்னறிவிப்புச் சம்பளம் இதில் சேராது, தனியாக வரும். உச்சவரம்பு வைத்ததற்கே அங்குள்ள தொழிற்சங்கங்கள் கோபித்தன, வழக்கும் போட்டன. நாம் கீழ்வரம்புக்கே வழியில்லாமல் இருக்கிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொழிலாளி என்ற சொல்லுக்குள் வராத ஊழியருக்கும், காரணம் நிரூபிக்கப்படாத நீக்கத்துக்கு, சேவை வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளம் என்று ஒரு வரி சட்டத்தில் சேர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதிலும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வெளியேதான் நிற்கிறார். உள்ளே இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீக்கப்பட்ட நாளிலிருந்து முன்பு மூன்று வருஷம் இருந்த அவகாசம் இப்போது இரண்டு வருஷமாகிவிட்டது.

நம் பையன் கதைக்கு வருகிறேன். மின்னஞ்சல் வந்த மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் காரில் வந்து, "ராஜினாமா கடிதம் கொடுத்துடுங்க, அனுபவச் சான்றிதழ் தர்றோம்" என்றாராம். நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் நீக்கம் என்ற ஒன்றே நடக்கவில்லை என்றாகியிருக்கும். 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளும் அப்படியே. இந்த இரண்டு கையெழுத்தில்தான் பாதி வழக்குகள் பிறக்காமலே போகின்றன என்றார் வக்கீல்.

கிராஜுவிட்டி சிவில் கோர்ட் விஷயமே இல்லை, தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம் போக வேண்டும், அங்கே மேலாளருக்கும் உரிமை உண்டு என்பது எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. அடிப்படைச் சம்பளம் 18,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒன்பது வருஷத்தால் பெருக்கினால் 93,462. முறைகேடு செய்தவனுக்குத் தர மாட்டோம் என்றது கம்பெனி. எந்தக் குற்றம், எந்த விசாரணை, பிடித்தம் செய்த ஆணை எங்கே என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் இல்லை. 2023-இல் வட்டியோடு வந்தது.

சிவில் வழக்கை 96,000-க்கே போட்டோம். ஒப்பந்த மீறல் வழக்குக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு என்றாலும் தள்ளிப்போடவில்லை. கம்பெனி பதிலில் முறைகேட்டை எடுத்து வந்தது. இது எதிர்பார்த்ததுதான். குற்றம் உண்மை என்று கோர்ட்டில் நிரூபித்துவிட்டால் முன்னறிவிப்புச் சம்பளம்கூடப் போய்விடும். ஆனால் நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். தணிக்கை அறிக்கையைத் தாக்கல் செய்யச் சொன்னபோது மூன்று வாய்தா வாங்கினார்கள். கடைசியில் வந்த அறிக்கையில் குறை இருந்தது, ஆனால் அது அவன் அந்தக் கிளைக்கு மாறி வருவதற்கு முந்தைய காலத்தது. மாறுதல் ஆணையின் நகலை அவன் அம்மா பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்!

அதன் பிறகு அவர்களே சமரசத்துக்கு வந்தார்கள். 2024-இல் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. 75,000 பேசினார்கள். அங்கே முடிந்ததால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வந்தது. இன்னும் இருபதாயிரம் கேட்டு இழுக்கலாம் என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் கேட்டான். நீக்க ஆணையைத் திரும்பப் பெறுகிறோம், இவர் 2013 ஜூன் முதல் 2022 ஜூலை வரை எங்களிடம் பணிபுரிந்து விடுவிக்கப்பட்டார், இவர் மீது குற்றச்சாட்டு எதுவும் நிலுவையில் இல்லை என்று கம்பெனித் தாளில், முத்திரையோடு. கோர்ட் தீர்ப்பில் அப்படி ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்க முடியாது. சமரசத்தில் முடிந்தது.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். காசோலையைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கடிதத்தை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்திருந்தான்.

"அப்பாகிட்ட முதல்ல காட்டணும் மாமா. உங்ககிட்ட நகல் எடுத்துக்கலாம்னு வந்தேன்" என்றான்.

என் பழைய பிரிண்டரில் மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று என்னிடம் இருக்கிறது.